கீழ் முன்பல்லில் ஈறு இறக்கம்: அண்ணத்துத் திசு ஒட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

27 வயதுப் பெண். கீழ்த்தாடையின் இடது நடு முன்பல், அதாவது 31, "மத்த பல்லைவிட நீளமாயிட்டே போகுது, பிரஷ் பட்டா கூசுது" என்று வந்தார். ஓராண்டுக்கு முன் வேறொரு கிளினிக்கில் அந்த இடத்தில் உதட்டை ஈறோடு இணைக்கும் உதட்டு நாணை வெட்டிவிட்டிருக்கிறார்கள். சில வாரங்கள் உதடு தளர்வாக இருந்ததாம். மூன்று மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஈறும் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

இந்த முன்கதைதான் இந்த நிகழ்வின் மையம். வெட்டிய இடம் ஏன் ஈறாக ஆறாமல், மறுபடியும் அதே மெல்லிய சவ்வாக ஆறியது? இதற்குப் பதில் தெரிந்தால் அடுத்து எந்தச் சிகிச்சை என்பதும் தெரிந்துவிடும். பதில் வாயின் மேற்பரப்பில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது.

பரிசோதனையில் கண்டது

31இல் பல்மகுடமும் வேரும் சேரும் எல்லையிலிருந்து ஈறின் விளிம்பு 4 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளக்கும் ப்ரோப் 1 மி.மீ. தான் உள்ளே போயிற்று, இரத்தம் கசிந்தது. பக்கத்துப் பற்களுக்கு இடையிலுள்ள ஈறுமுனைகள் முழுதாக இருந்தன. எக்ஸ்ரேயில் பல்லிடை எலும்பு சரியான உயரத்தில் தெரிந்தது. எனவே இது பல்லிடைத் திசு இழப்பில்லாத இறக்கம். 2018இல் வெளியான வகைப்பாட்டின்படி ஆர்டி1. பல் ஆடவில்லை. ஆனால் உதட்டுப் பக்கம் சற்றே முன்தள்ளி நின்றது. அந்தப் பக்கத்து எலும்பை எக்ஸ்ரே காட்டாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கீழ் முன்பற்களில் உதட்டுப் பக்க எலும்பு இயல்பிலேயே தாள் போல மெலிந்தது. பல் முன்தள்ளினால் அது பல சமயம் வேரின் மேல் நிற்பதில்லை. ஈறு இறங்கியிருக்கும் இடத்தில் அடியில் எலும்பும் இறங்கித்தான் இருக்கும்.

கூச்சத்துக்குக் காரணம் தனி. வேரை மூடும் சிமென்டம் கழுத்துப் பகுதியில் 20 முதல் 50 மைக்ரான் கனம்தான். வெளியே தெரியத் தொடங்கிய சில மாதங்களில் பிரஷ்ஷே அதைத் தேய்த்துவிடும். பிறகு தென்படுவது அதற்கு அடியிலுள்ள, கூச்சத்தை உள்ளே கடத்தும் டென்டின்.

அடுத்து, ஈறு எங்கே முடிகிறது, சவ்வு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஈறு வெளிர் இளஞ்சிவப்பு, கெட்டியானது, அசையாது. அதற்குக் கீழே பல்குழி எலும்பை மூடும் ஆல்வியோலார் சவ்வு அடர் சிவப்பு, பளபளப்பானது, இரத்தக்குழாய்கள் ஊடே தெரியும், விரலால் தள்ளினால் நகரும். இரண்டும் சந்திக்கும் கோடு மற்றப் பற்களில் கண்ணுக்கே தெரிந்தது. 31இல் வீக்கச் சிவப்பு இருந்ததால் கண்ணை நம்ப முடியவில்லை. அதற்கு மூன்று எளிய சோதனைகள் உண்டு. ப்ரோப்பின் பக்கவாட்டால் கீழிருந்து மேலே தள்ளினால் சவ்வு சுருண்டு மடியும், ஈறு மடியாது. உதட்டை இழுத்தால் ஈறு விளிம்பு அசைகிறதா என்று பார்க்கலாம். இங்கே விளிம்பு பல்லைவிட்டு விலகியது. மூன்றாவது, அயோடின் ஒவ்வாமை இல்லையென்று கேட்டுக்கொண்டு ஷில்லர் அயோடின் கரைசலைப் பஞ்சில் தடவுவது. ஆல்வியோலார் சவ்வின் செல்களில் கிளைகோஜன் நிறைய இருப்பதால் அது பழுப்பாகும். கெரட்டின் என்ற கடினப் புரதம் கொண்ட ஈறு நிறம் பிடிக்காது. 31இல் பழுப்பு ஏறக்குறைய பல்வரை ஏறி வந்தது. விளிம்பில் அரை மி.மீ. அகலத்துக்கு மட்டும் நிறம் பிடிக்காத ஓர் இழை மிஞ்சியது. பக்கத்து 41, 32 பற்களில் கெரட்டின் ஈறு 2 மி.மீ. இருந்தது.

ஒரே வாய், வேறு வேறு துணி

வாயின் உள்பக்கம் முழுவதும் ஒரே தோல் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் மூன்று வகை. சோறு மெல்லும்போது உரசலை வாங்குவது ஈறும் கடின அண்ணமும். இவை மெல்லும் சவ்வு. உதடு, கன்னம், வாய்த்தளம், நாக்கின் அடி, மென்னண்ணம், ஆல்வியோலார் பகுதி ஆகியவற்றைப் போர்த்தியிருப்பது உள்ளுறைச் சவ்வு. நாக்கின் மேற்பரப்பு சுவைமொட்டுகளும் பாப்பில்லாக்களும் கொண்ட சிறப்புச் சவ்வு. அதற்கு இந்த நிகழ்வில் வேலை இல்லை.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த நோயாளியின் திசுவிலேயே பார்க்க முடிந்தது. அறுவையின்போது ஒட்டுமிடத்தில் நீக்கிய சவ்வுப் பட்டை ஒன்றையும், அண்ணத்திலிருந்து எடுத்த துண்டில் வெட்டிக் கழித்த ஓரத்தையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இப்படி அனுப்பும்போது செய்யும் பொதுவான பிழை, திசுவை நேராக ஃபார்மலினில் போட்டுவிடுவது. மெல்லிய சவ்வு உடனே சுருண்டுவிடும். பிறகு சாய்வாக வெட்டுப்படும். சாய்ந்த வெட்டில், மேலடுக்கான எபிதீலியத்தின் கீழ்நோக்கிய விரல்கள் தனித்தனித் தீவுகளாகத் தெரிந்து, ஏதோ ஊடுருவுகிறது என்று அஞ்ச வைக்கும். இணைப்புத் திசுப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு காகிதத்துண்டில் பரப்பி, ஒரு நிமிடம் ஒட்டவிட்டு, காகிதத்தோடு 10% பஃபர் ஃபார்மலினில் இட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அண்ணத்துத் துண்டின் ஸ்லைடில் மேலே உட்கரு இல்லாத, ஈயோசினில் அடர் இளஞ்சிவப்பான கெரட்டின் அடுக்கு. அதற்குக் கீழே நீலக் குருணைகள் நிறைந்த செல் வரிசை. எபிதீலிய விரல்கள் நீளமாக, நெருக்கமாக இணைப்புத் திசுவுக்குள் இறங்குகின்றன. கதவும் நிலையும் கோத்துக்கொண்ட மாதிரி. அடியில் கொலாஜன் கட்டுகள் தடித்து நெருங்கியிருக்கின்றன. இன்னும் ஆழத்தில் ஒரு மூலையில் வெள்ளைக் குமிழிகளாகக் கொழுப்புச் செல்கள். அறுவையில் இந்த மூலையைத்தான் சீவி எறிந்தோம், ஏன் என்று பின்னால் வரும்.

சவ்வுப் பட்டையின் ஸ்லைடில் கெரட்டின் அடுக்கே இல்லை. மேற்புறச் செல்கள் உப்பி வெளிறியிருக்கின்றன, கிளைகோஜன் கரைந்து போன இடம் அது. விரல்கள் குட்டை, சில இடங்களில் அடிக்கோடு தட்டை. கொலாஜன் தளர்ந்து, இடையிடையே அகன்ற இரத்தக்குழாய்கள், ஆழத்தில் தசை நார்கள். இந்தச் சவ்வின் இழுவைத் தன்மைக்குக் காரணமான எலாஸ்டிக் நார்கள் வழக்கமான சாயத்தில் சரியாகத் தெரியாது. வெர்ஹோஃப் சாயம் இட்டால்தான் கறுப்பு இழைகளாகத் துலங்கும். ஈறில் இந்த நார்கள் மிகக் குறைவு. ஈறுக்கும் எலும்புக்கும் நடுவே தளர்ந்த அடுக்கும் இல்லை. அதன் கொலாஜன் நேரே சிமென்டத்திலும் எலும்புறையிலும் போய்ப் பிணைகிறது. இதனால்தான் ஈறு அசைவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈறின் பயாப்சியில் மேற்பரப்புக் கெரட்டினுக்குள் சுருங்கிய உட்கருக்கள் தெரிவது இயல்பு. பெரும்பாலோர் ஈறு இந்தப் பாராகெரட்டின் வகைதான். தோலில் இதே காட்சி சொரியாசிஸ் போன்ற நோயை நினைவூட்டும் என்பதால், வாய்த்திசு அதிகம் பார்க்காத நோயியலாளர் அதைக் குறையாக எழுதிவிடுவதுண்டு. அதேபோல் ஈறின் பல்லைப் பார்த்த பக்கத்தில் கெரட்டின் இருக்காது. பல்லோடு ஒட்டும் சந்தி எபிதீலியம் மேல்முனையில் 15 முதல் 30 செல் கனம், கீழ்முனையில் ஓரிரு செல். அங்கே கெரட்டின் இல்லையென்று கவலைப்படத் தேவையில்லை. ஆய்வகச் சீட்டில் எந்தப் பக்கம் எது என்று எழுதி அனுப்புவது நல்லது.

மேலிருப்பதை முடிவு செய்வது அடியிலிருப்பது

1975இல் காரிங், லாங், லோ மூவரும் குரங்குகளில் செய்த சோதனை இந்தக் கேள்வியைத் தீர்த்தது. ஈறிலிருந்தும் ஆல்வியோலார் சவ்விலிருந்தும் எபிதீலியத்தை நீக்கிய வெறும் இணைப்புத் திசுத் துண்டுகளை எடுத்து, ஆல்வியோலார் சவ்வுக்கு அடியில் பை போலச் செய்து புதைத்தார்கள். சில வாரங்கள் கழித்து மேல்மூடியை நீக்கித் துண்டுகளைத் திறந்துவிட்டார்கள். அவற்றின் மேல் படர்ந்த எபிதீலியம் இரண்டிலும் ஒரே இடத்திலிருந்து, சுற்றியிருந்த ஆல்வியோலார் சவ்விலிருந்து வந்ததுதான். ஆனால் ஈறின் இணைப்புத் திசுமேல் படர்ந்தது கெரட்டின் பூண்டது. ஆல்வியோலார் இணைப்புத் திசுமேல் படர்ந்தது கெரட்டின் இல்லாமலே நின்றது. விதை ஒன்று, விளைச்சலை நிலம் தீர்மானித்தது.

இதை வைத்து நம் நோயாளியின் முந்தைய அறுவையைப் பார்த்தால் விடை தெளிவு. நாணை வெட்டித் திறந்துவிட்ட புண்ணை நிரப்பியது சுற்றியிருந்த ஆல்வியோலார் சவ்வின் இணைப்புத் திசு. எனவே அதே சவ்வு மீண்டும் வந்தது. சுருங்கும் தழும்போடு தசை நார்களும் பழைய இடத்துக்கு ஏறிவிட்டன. விளிம்பில் மிஞ்சிய அரை மி.மீ. இழைக்கும் விளக்கம் உண்டு: பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள பல்பிணை நாரிலிருந்து வளரும் புதுத்திசு கெரட்டின் பூணும் தன்மையது. ஈறை முழுக்க வெட்டி எடுத்தாலும் பல்லோரத்தில் ஒரு மெல்லிய கெரட்டின் பட்டை திரும்ப வருவது இதனால்தான். அது அரை மி.மீ.க்கு மேல் போகாததால் உதட்டின் இழுவையைத் தாங்கவில்லை.

எல்லா மெல்லிய ஈறுக்கும் அறுவை வேண்டுமா என்றால் வேண்டாம். 1972இல் லாங், லோ இருவரும் 2 மி.மீ. கெரட்டின் ஈறு இருந்தால்தான் நலம் என்றார்கள். பின்னர் வென்ஸ்ட்ரோமும் லிண்டேயும் நாய்களில் செய்த ஆய்வுகள், அழுக்குப் படியாமல் துலக்கினால் அதைவிடக் குறைந்த ஈறும் நிலைக்கும் என்று காட்டின. எண்ணைப் பிடித்துக்கொண்டு கத்தி எடுப்பது தவறு. இங்கே கத்தி எடுத்ததற்கு மூன்று காரணம்: இறக்கம் தொடர்ந்து கூடிக்கொண்டிருந்தது, துலக்கும்போது வலித்ததால் அந்த இடத்தில் அழுக்கு நின்றது, உதட்டை இழுத்தால் விளிம்பு விலகியது. ஆறு வாரம் மென்மையான பிரஷ், துலக்கும் முறை மாற்றம், பல் சுத்தம் எல்லாம் செய்தபின் கசிவு நின்றது. ஆனால் விளிம்பு விலகுவது நிற்கவில்லை.

வேரை முழுவதும் மூடுவதே குறிக்கோள் என்றால் இணைப்புத் திசுவை உள்ளே வைத்து, மேலே ஈறை ஏற்றித் தைப்பது வழக்கம். அதற்கு ஏற்றுவதற்கு ஈறும், உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமும் வேண்டும். இரண்டும் இங்கே இல்லை. மேலே ஆல்வியோலார் சவ்வையே போர்த்தினால் உள்ளே வைத்த நல்ல திசு மூடப்பட்டுக் கிடக்கும், மேற்பரப்பு சவ்வாகவே நிற்கும். பக்கத்துப் பல்லின் ஈறை நகர்த்தலாம் என்றால் அங்கே 2 மி.மீ. தான் இருக்கிறது, கொடுப்பவரே ஏழை. ஆகவே எபிதீலியத்தோடு சேர்த்து அண்ணத் துண்டை எடுத்து நேரே ஒட்டுவது என்று முடிவானது. நிறம் பொருந்தாது என்பதை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கினோம். கீழ் முன்பல்லாதலால் அவர் பொருட்படுத்தவில்லை.

அறுவை

2% லிக்னோகெய்ன், அட்ரினலினோடு. 41இன் நடுவிலிருந்து 32இன் நடுவரை, பல்லிடை ஈறுமுனைகளின் அடிவாரத்தில் 15சி பிளேடால் கிடைக்கோடு. அதிலிருந்து கீழ்நோக்கி எலும்புறையை விட்டுவிட்டு, அதன் மேலுள்ள திசுவை மட்டும் உரித்தோம். எலும்புறை இல்லாவிட்டால் துண்டுக்கு உணவூட்ட ஆளில்லை. தளர்ந்த தசை நார்களைக் கத்தரியால் நீக்கி, உதட்டை இழுத்துப் பார்த்தோம். அப்போது துண்டை வைக்கப்போகும் படுக்கை அசையக் கூடாது. அசைந்தால் ஒட்டு நிச்சயம் போகும். இந்த ஒரு சோதனையை அவசரத்தில் விடுபவர்களே அதிகம்.

படுக்கை 12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். வெறும் வேர்ப்பரப்பில் இரத்தக்குழாய் கிடையாது. அதன்மேல் கிடக்கும் பகுதி பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் வரும் இரத்தத்தால்தான் பிழைக்கும். ஆகவே வேரின் இருபுறமும் குறைந்தது 3 மி.மீ. எலும்புறை கிடைக்கும்படி படுக்கையை அகலமாக வெட்டினோம்.

அலுமினியத் தாளில் படுக்கையின் அச்சை வெட்டி, அதை இடது அண்ணத்தில் முதல், இரண்டாம் முன்கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, ஈறு விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி வைத்தோம். இந்த இடத்தேர்வும் திசுவியல்தான். இன்னும் முன்னே போனால் அண்ண வரிகள் துண்டோடு வரும். ஒட்டிய இடத்தில் அந்த மேடுகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். முதல் கடைவாய்ப்பல்லின் எதிரே அண்ணவேர் துருத்துவதால் திசு மெலிவு. அதற்கும் பின்னே போனால் சுரப்பிகள். மேலே உச்சியை நோக்கிப் போனால் அண்ணப் பெருந்தமனி: சராசரி உயரமுள்ள அண்ணத்தில் பல்லின் கழுத்திலிருந்து சுமார் 12 மி.மீ.யிலும், தட்டையான அண்ணத்தில் 7 மி.மீ.யிலும் ஓடும். இவருக்கு அண்ணம் சராசரி உயரம், 2 மி.மீ. விட்டு 8 மி.மீ. எடுத்தால் 10இல் முடியும். தட்டை அண்ணமாக இருந்திருந்தால் இந்த அளவுத் துண்டை எடுத்திருக்கவே கூடாது.

கனம் 1.3 மி.மீ. அண்ணத்தில் எபிதீலியம் மட்டுமே ஏறக்குறைய 0.3 மி.மீ.; மேலும் மெல்லியதாக எடுத்தால் இணைப்புத் திசு போதாமல் துண்டு சுருங்கும், வேரின் மேல் கருகும். மிகத் தடித்தால் ஊடுருவி வரும் நீர் மேல்வரை எட்டாது. பிளேடின் சாய்முனை முழுவதும் மறையும் அளவு ஆழம் என்பது கைக்கணக்கு. எடுத்ததும் ஈர காஸில் வைத்துக் கவிழ்த்து, மஞ்சளாகத் தெரிந்த கொழுப்பைச் சீவினோம். கொழுப்பு இருந்தால் துண்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மெழுகுத் தாள் வைத்த மாதிரி. நீரும் ஏறாது, குழாயும் ஏறாது.

5-0 தையலில் மேல் இரு மூலைகளையும் ஈறுமுனைகளில் கட்டி, கீழே எலும்புறையில் பிடித்துக் குறுக்குத் தையலால் அழுத்தினோம். ஈர காஸால் ஐந்து நிமிடம் முழுதாக அழுத்திப் பிடித்தோம். அடியில் இரத்தம் கட்டினால் துண்டு மிதக்கும். அண்ணப்புண்ணில் கொலாஜன் பஞ்சு வைத்து, முன்பே செய்த அக்ரிலிக் தட்டை மாட்டினோம். வலியைப் பற்றி நோயாளிகள் கேட்டால் ஒட்டிய இடம் அல்ல, எடுத்த இடம்தான் வலிக்கும் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆறிய விதம்

மூன்றாம் நாள் போன் வந்தது: "வெள்ளையா அழுகுது டாக்டர்." எதிர்பார்த்ததுதான். முதல் மூன்று நாள் துண்டுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. படுக்கையிலிருந்து கசியும் நீரில் உயிர் தாங்குகிறது. மேல் எபிதீலியம் இறந்து சாம்பல் தோலாக உரிகிறது. உரியும் தோலுக்கு அடியில் சிவப்புத் தெரிந்தால் நலம். துண்டு முழுவதும் சாம்பலாகி, ப்ரோப்பால் மெல்லத் தொட்டால் அசைந்தால்தான் தோல்வி. இவருக்கு ஏழாம் நாள் செக்கச் சிவந்து ஒட்டியிருந்தது. குழாய்கள் இணையும் காலம் அது. 14ஆம் நாள் தையல் எடுத்தோம். அதுவரை அங்கே பிரஷ் இல்லை, 0.2% குளோர்ஹெக்ஸிடின் இருவேளை. அண்ணப்புண் மூன்று வாரத்தில் மூடியது.

உரிந்துபோன எபிதீலியத்துக்குப் பதிலாக வந்தது எங்கிருந்து? ஓரங்களிலிருந்து, அதாவது பாதிக்குமேல் ஆல்வியோலார் சவ்விலிருந்து. ஆனாலும் ஆறாம் வாரத்தில் அயோடின் தடவியபோது துண்டு நிறம் பிடிக்கவில்லை. குரங்குச் சோதனையில் கண்டது இவர் உதட்டுக்குள்ளும் நடந்தது.

மூன்றாம் மாதம் துண்டின் உயரம் 8இலிருந்து 6 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. கால்பங்கு சுருக்கம் வழக்கமானது என்பதால் அளவெடுக்கும்போதே அதைச் சேர்த்து வெட்ட வேண்டும். வெளியே தெரிந்த வேர் 4இலிருந்து 2 மி.மீ. ஆயிற்று. ஓராண்டில் அது 1 மி.மீ.; ஒட்டிய ஈறு தானே மெல்ல மேலே ஏறுவது முதலாண்டில் காணக்கூடியதுதான், ஆனால் அதை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது. ப்ரோப் 1 மி.மீ. தான் போகிறது. வேரின்மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் நீண்ட சந்தி எபிதீலியமும் கொஞ்சம் இணைப்புத் திசுவும். அங்கே புதுச் சிமென்டமும் பல்பிணை நாரும் எலும்பும் முழுதாக உருவாகிவிட்டன என்று சொல்ல இடமில்லை.

உதட்டை இழுத்தால் விளிம்பு இப்போது அசைவதில்லை. கூச்சம் குளிர்ந்த நீருக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. துண்டு சுற்றியுள்ள ஈறைவிட வெளிறி, பேன்ட்டில் போட்ட ஒட்டு மாதிரி தனியாகத் தெரிகிறது. அண்ணத்தின் நிறம் அங்கேயும் அண்ணத்தின் நிறமாகவே நிற்கிறது. பக்கத்துப் பல் 32இல் கெரட்டின் ஈறு அதே 2 மி.மீ. அங்கே கை வைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துவருகிறோம்.